‘எங்கிருந்தும் வேலை’ என்று போட்டிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து செய்ய விடுவார்களா?

ரேவதி_கொழிஞ்சாம்பாறை

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. ஊர் கேரளத்தில் இருந்தாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். கோயம்புத்தூரில் ஏழு வருடம் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தேன். கையால் சோதிப்பதில் தொடங்கி, கடைசி நான்கு வருடம் செலினியம், பிளேரைட் இரண்டிலும் தானியங்கிச் சோதனை எழுதினேன். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பாலக்காடு கூட்டிப்போய் வர வேறு ஆள் இல்லாததால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் 64 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஐந்து பதில் வந்தது. அதில் ஒன்று மூன்று சுற்று வரை போனது. அவர்கள் கொடுத்த பயிற்சி வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிநேரம் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். கடைசியில் எச்.ஆர். பெண் பேசும்போது, “நீங்கள் இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். கேரளா என்றேன். அவர் கேட்டது அமெரிக்க மாநிலத்தை. “மன்னிக்கவும், அமெரிக்காவுக்குள் இருப்பவர்களை மட்டும்தான் எடுக்க முடியும்” என்று முடித்துவிட்டார். விளம்பரத்தின் தலைப்பில் `Remote - Anywhere` என்று இருந்தது. அதைப் படமெடுத்தும் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். விண்ணப்பிக்கும் முன்பே, விளம்பரத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அதுதான் கேள்வி.

வாளையார்_வினோத்

அக்கா, நீங்கள் ரொம்ப யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரிமோட் என்றாலே எங்கிருந்தும்தான். நாடு, மாநிலம் எல்லாம் எச்.ஆர். வைக்கும் சடங்கு. நான் `US only` என்று தெளிவாகப் போட்ட இடத்துக்கே விண்ணப்பித்து வேலை வாங்கியவன். இன்றைக்கும் அவர்களுக்குத்தான் செய்கிறேன், இரண்டு வருடம் ஆகப்போகிறது. 64 போதாது, 300 போடுங்கள்.

அப்புறம், ஐ.பி. முகவரி பிரச்சினை வந்தால் விபிஎன் போட்டு அமெரிக்கா என்று காட்டிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கம்பம்_கார்த்தி

இதே கேள்விதான் எனக்கும். என் மனைவிக்கு வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, மாதம் 25,000 என்று டெலிகிராமில் வந்தது. எங்கிருந்தும் செய்யலாமாம். பதிவுக் கட்டணம் 2,500 கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

சித்தூர்_சுமதி

கார்த்தி தம்பி, கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் பணம் கொடுக்க வேண்டும், வாங்கக் கூடாது. பதிவுக் கட்டணம், மடிக்கணினி முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஏமாற்றுதான். 2,500 கட்டினால் அடுத்து ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அபராதம் கட்டு’ என்று வருவார்கள். என் சித்தப்பா பெண்ணுக்கு நடந்தது. ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். ரேவதி கேட்பது வேறு விஷயம், உண்மையான நிறுவனங்களைப் பற்றி.

செங்கோட்டை_செந்தில்

ரேவதி, நான் ஆறு வருடமாகச் செங்கோட்டையிலிருந்து ஒரு நெதர்லாந்து நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். அதில் இரண்டு வருடம் ஆள் எடுக்கும் குழுவிலும் இருந்தேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

‘ரிமோட்’ என்ற சொல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: அலுவலகத்துக்கு வர வேண்டுமா? வேண்டாம். எந்த நாட்டில் இருக்கலாம் என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது. `Anywhere` என்று எழுதுகிற அமெரிக்க மேலாளர் மனதில் இருப்பது ‘டெக்சாசில் இருந்தாலும் சரி, ஒஹாயோவில் இருந்தாலும் சரி’ என்பதுதான். இந்தியாவிலிருந்து ஒருவர் படிப்பார் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. விளம்பர மென்பொருளில் இடம் என்ற கட்டம் பெரும்பாலும் கையால் தட்டச்சு செய்வது, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் தலைப்பை நம்ப வேண்டாம்.

நம்பத் தகுந்தது வேறு இடத்தில் இருக்கிறது. கூகுள் தேடலில் வேலை விளம்பரம் தனிப் பெட்டியாக வருகிறது அல்லவா? அதற்காக நிறுவனங்கள் தங்கள் பக்கத்துக்குள் ஒரு சிறிய தகவல் துண்டை வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தின் மூலத்தில் இருக்கும். கணினியில் விளம்பரப் பக்கத்தைத் திறந்து Ctrl+U அழுத்துங்கள், பிறகு Ctrl+F போட்டு `applicantLocation` என்று தேடுங்கள். இப்படி ஏதாவது வரும்:

```json
"jobLocationType": "TELECOMMUTE",
"applicantLocationRequirements": {
  "@type": "Country",
  "name": "USA"
}
```

முதல் வரி, வேலை முழுக்க வீட்டிலிருந்து என்கிறது. அடுத்தது, விண்ணப்பிப்பவர் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. தலைப்பில் `Anywhere`, உள்ளே `USA` என்று இருந்தால் உள்ளே இருப்பதை நம்புங்கள். எங்கள் நிறுவனத்தில் தலைப்பை எழுதியது மேலாளர், இந்தக் கட்டத்தை நிரப்பியது சம்பளம் போடும் பிரிவோடு பேசிவிட்டு வந்த எச்.ஆர்.

இதை நிறுவனத்தின் சொந்த வேலைப் பக்கத்தில் பாருங்கள். விளம்பரங்களை அள்ளிப்போடும் தளங்கள் தாங்களாகவே ஒரு நாட்டைப் போட்டுவிடும். `jobs.lever.co`, `jobs.ashbyhq.com`, `greenhouse.io` என்று முகவரி இருந்தால் அது பெரும்பாலும் நிறுவனமே போட்டது.

ரேவதி_கொழிஞ்சாம்பாறை

செந்தில் அண்ணா, ரொம்ப நன்றி. அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது, இப்போதே பார்த்தேன். `USA` என்றுதான் இருக்கிறது. ஒரு நிமிட வேலைக்குப் பதிலாக மூன்று வாரம் போய்விட்டது.

ஆனால் என் பட்டியலில் இருக்கும் வேறொரு பக்கத்தில் `applicantLocation` என்ற சொல்லே வரவில்லை. அப்படியானால் உலகம் முழுக்க என்று எடுத்துக்கொள்ளலாமா?

செங்கோட்டை_செந்தில்

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டில் பிறகு வரைவது, அதனால் Ctrl+U-வில் வராது. F12 அழுத்தி Elements பகுதியில் அதே சொல்லைத் தேடுங்கள். இரண்டு, அவர்கள் நாட்டைத் தனியாகக் குறிக்காமல் அலுவலக முகவரியை மட்டும் `jobLocation` என்று கொடுத்திருப்பார்கள். அப்போது கூகுள் அந்த அலுவலகம் இருக்கும் நாட்டையே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, அந்தத் துண்டையே வைக்காத நிறுவனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் நாட்டின் பெயரோ மாநிலத்தின் பெயரோ எழுதத்தான் இடம் இருக்கிறது, ‘உலகம்’ என்று எழுத இடமில்லை. அதனால் உண்மையிலேயே பல நாடுகளில் எடுப்பவர்கள் ஒன்று நீளப் பட்டியல் போடுவார்கள், அல்லது சும்மா விட்டுவிடுவார்கள். `USA` மட்டும் இருந்தால் கதவு மூடியிருக்கிறது என்று அநேகமாக உறுதியாகச் சொல்லலாம். எதுவும் இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

அப்போது விண்ணப்பப் படிவத்துக்குப் போங்கள். நிரப்பாமல் கீழே வரை படியுங்கள். ‘நீங்கள் அமெரிக்காவில் சட்டப்படி வேலை செய்யலாமா, இப்போதோ பின்னாலோ விசா உதவி தேவைப்படுமா’ என்று கேட்டிருந்தால் அது அமெரிக்காவுக்குள் மட்டும். ‘நீங்கள் வசிக்கும் நாட்டில் சட்டப்படி வேலை செய்யலாமா’ என்று கேட்டிருந்தால் நல்ல அறிகுறி. வசிக்கும் நாடு எது என்று தெரியாமலே எழுதப்பட்ட கேள்வி அது, பல நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். பலர் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டுவிடுகிறார்கள், ரிமோட்தானே என்று. அது பொய்யான பதிலாகப் பதிவாகும், செய்யாதீர்கள்.

ரேவதி_கொழிஞ்சாம்பாறை

சரி அண்ணா. அந்த இரண்டாவது விளம்பரத்தின் உள்ளடக்கத்தைத் தமிழில் சுருக்கித் தருகிறேன், எப்படிப் படிப்பது என்று சொல்லுங்கள். பெயர் போடவில்லை.

தலைப்பு: மூத்த சோதனைப் பொறியாளர், `Remote`. சம்பளம் ஆண்டுக்கு 95,000 முதல் 120,000 டாலர். மருத்துவம், பல், கண் காப்பீடு. 401(k) ஓய்வூதியத் திட்டம். அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை எல்லோரும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுச் சந்திப்பு. கடைசியில் ‘நாங்கள் உலகெங்கும் பரவிய குழு’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் விண்ணப்பித்தேன்.

செங்கோட்டை_செந்தில்

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மற்றவற்றைப் பாருங்கள்.

சம்பள வரம்பு இருப்பதால் எதுவும் தெரியாது. கொலராடோவில் 2021-லிருந்து விளம்பரத்தில் சம்பளம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பிறகு வேறு சில மாநிலங்களும் கொண்டுவந்தன. 401(k) அமெரிக்கச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கானது. பல், கண் காப்பீடும் அந்த ஊர் வழக்கம். வேறு நாட்டிலும் எடுப்பவர்கள் ‘சலுகைகள் நாட்டுக்கு நாடு மாறும்’ என்று ஒரு வரியாவது சேர்ப்பார்கள். அது இங்கே இல்லை.

அப்புறம் நேரம். கிழக்கு நேரம் 10 முதல் 4 என்றால் கோடையில் நமக்கு இரவு 7.30 முதல் 1.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 8.30 முதல் 2.30. அமெரிக்கா முழுக்கப் பொருந்துகிற நேரம் அது, கலிபோர்னியாவில் காலை 7-க்குத் தொடங்கும். உலகெங்கும் பரவிய குழு ஆறு மணிநேரம் சேர்ந்து இருக்கச் சொல்வது அரிது, மூன்று நான்கு மணிநேரம் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஆட்கள் என்ற பகுதிக்குப் போனால், அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு வரும். இந்தியாவில் யாராவது இருந்தால் அவர்கள் என்ன வேலை, எப்போது சேர்ந்தார்கள் என்று பாருங்கள். வெளி ஒப்பந்தக்காரர் மூலம் உதவி மையத்தில் இருப்பவர்கள் மட்டும் என்றால் பொறியாளரை இங்கே எடுப்பார்கள் என்று ஆகாது.

ரேவதி_கொழிஞ்சாம்பாறை

பார்த்தேன். 140 பேர் சொச்சம். 131 பேர் அமெரிக்கா, மீதி கனடா. இந்தியாவில் ஒருவரும் இல்லை.

வாளையார்_வினோத்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என்னை எடுத்திருக்கவே கூடாது. என் நிறுவனத்திலும் அப்போது இந்தியாவில் யாரும் இல்லை, விளம்பரம் `US only`. எடுத்தார்கள்தானே?

களியக்காவிளை_ஜெபா

வினோத் தம்பி, உங்களை ஊழியராக எடுத்தார்களா, ஒப்பந்தக்காரராகவா? மாதாமாதம் நீங்கள் விலைப்பட்டியல் அனுப்புகிறீர்களா?

வாளையார்_வினோத்

விலைப்பட்டியல்தான் அனுப்புகிறேன் அக்கா. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவர்கள் பயன்படுத்தும் ஒரு திறமூலக் கருவியில் நான் ஒரு வருடமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவின் தலைவருக்கு என் பெயர் தெரியும். அவர்தான் எச்.ஆரிடம் பேசினார்.

களியக்காவிளை_ஜெபா

அதைத்தான் கேட்க நினைத்தேன். கதவு மூடியிருந்தது, உள்ளே இருந்த ஒருவர் உங்களுக்காகத் திறந்தார். அது ரேவதிக்குக் கிடைக்கலாம், ஆனால் 300 விண்ணப்பம் போட்டுக் கிடைப்பது அல்ல.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு சம்பளக் கணக்கு நிறுவனத்தில் இருக்கிறேன், களியக்காவிளையிலிருந்து தினம் போய்வருவேன். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கே ஆள் வைத்துச் சம்பளம் போடுவதுதான் எங்கள் பிரிவின் வேலை. நாடு என்பது ஏன் இவ்வளவு பெரிய தடை என்று சொல்கிறேன்.

ஒரு நிறுவனம் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால், அவர் இருக்கும் நாட்டில் வரி பிடிக்க, பி.எஃப். கட்டப் பதிவு வேண்டும். பதிவு இல்லாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, எங்களைப் போன்ற இடைநிறுவனம் இங்கே சட்டப்படி முதலாளியாக நிற்கும், வேலை அங்கே நடக்கும். சம்பளச் சீட்டு, பி.எஃப்., வரிப் பிடித்தச் சான்று எல்லாம் கிடைக்கும். அதற்கு ஆளுக்கு மாதம் சில நூறு டாலர் வரை கட்டணம் ஆகும். இரண்டாவது, வினோத் மாதிரி ஒப்பந்தக்காரர். அதில் பி.எஃப். இல்லை, விடுப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான், முன்வரி நாமே கட்ட வேண்டும். நிறுவனத்துக்கும் பயம் உண்டு. பெயருக்கு ஒப்பந்தம், நடைமுறையில் ஊழியர் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டால் பழைய பாக்கி எல்லாம் தலையில் விழும். இங்கே இருக்கும் ஆள் வியாபாரத்தையே முடித்துக் கொடுப்பவராக இருந்தால், நிறுவனத்துக்கே இந்தியாவில் தொழில் இருக்கிறது என்று கருதி லாபத்துக்கு வரி கேட்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால் ‘எங்கிருந்தும்’ என்று பேர்போன நிறுவனங்களிலும் எல்லை இருக்கும். ஏர்பிஎன்பி 2022-ல் ஊழியர்கள் எங்கிருந்தும் வாழலாம், வேலை செய்யலாம் என்று அறிவித்தது. அதைப் படித்தால் சொந்த நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும். வெளிநாடு என்றால் ஒரு இடத்தில் வருடத்துக்கு 90 நாள் வரை. வரிக்கும் சம்பளத்துக்கும் நிரந்தர முகவரி ஒன்று வேண்டும். ஏற்கெனவே ஊழியராக இருப்பவருக்கான சலுகை அது. உலகில் எந்த நாட்டிலும் ஆள் எடுப்போம் என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதுதான் குழப்பம்.

செங்கோட்டை_செந்தில்

ஜெபா சொன்னது சரி. அந்த விபிஎன் யோசனையைப் பற்றி மட்டும் நான் சொல்லியே ஆக வேண்டும். வினோத், தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள். நிறுவன மடிக்கணினியில் அவர்கள் போட்ட மேலாண்மை மென்பொருள் இருக்கும், எந்த வலையில் இணைந்தது என்று பதிவாகும். கூரியர் எந்த முகவரிக்கு வந்தது, சம்பளம் எந்த நாட்டு வங்கிக்குப் போகிறது என்பதை விபிஎன் மறைக்காது. 2024-ல் அமெரிக்க நீதித்துறை ஒரு வழக்கு போட்டது. வடகொரிய ஆட்களுக்காக அரிசோனாவில் ஒருவர் வீட்டிலேயே மடிக்கணினிகளை வரிசையாக வைத்து, அவர்கள் அமெரிக்காவில் இருப்பதுபோலக் காட்டினார், 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஏமாந்தன என்று. அதன் பிறகு பல நிறுவனங்கள் ஆள் சேரும் நாளிலேயே இடத்தைச் சரிபார்க்கின்றன. நேர்மையாக வேலை தேடும் ஒருவர் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டாம்.

வாளையார்_வினோத்

சரி அண்ணா, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு விபிஎன் தேவைப்பட்டதே இல்லை, மற்றவர்கள் சொன்னதைச் சொன்னேன். ஆனால் மூடியிருக்கும் இடத்திலும் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

சித்தூர்_சுமதி

எல்லோரும் வெளிநாட்டையே பேசுகிறீர்கள். இந்திய நிறுவனம் என்றால் பிரச்சினை இல்லை என்று ரேவதி நினைத்துவிடக் கூடாது.

எனக்கு ஆந்திராவில் இருக்கும் சித்தூர். இந்திய சேவை நிறுவனம் ஒன்றில் ‘நிரந்தரமாக வீட்டிலிருந்து’ என்று சொல்லி எடுத்தார்கள். ஏழு மாதம் நன்றாகப் போனது. பிறகு என்னை ஒரு வங்கி வாடிக்கையாளரின் திட்டத்தில் போட்டார்கள். அந்த வங்கியின் ஒப்பந்தப்படி அதன் தரவு ஓ.டி.சி. என்கிற தனிப் பூட்டிய தளத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் ஹைதராபாத் வரச் சொன்னார்கள். சித்தூரிலிருந்து சென்னையும் பெங்களூரும் பக்கம், ஹைதராபாத் ஓர் இரவுப் பயணம். என் பிள்ளை இரண்டாம் வகுப்பு.

பணிநியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘அடிப்படைப் பணியிடம்: ஹைதராபாத்’ என்று ஒரு வரி. ‘நிர்வாகம் தேவைப்படும்போது எந்த அலுவலகத்துக்கும் வரச் சொல்லலாம்’ என்று இன்னொரு வரி. வீட்டிலிருந்து என்பது கடிதத்தில் எங்குமே இல்லை, தொலைபேசியில் சொன்னதுதான். நான் விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது இருக்கும் இடத்தில் சேரும் முன்பே, பணியிடம் என்ற இடத்தில் என் வீட்டு முகவரியை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். இன்னொன்றும் கேட்டேன்: நான் சேரப்போகும் குழுவின் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா? சேவை நிறுவனத்தில் முடிவு நிறுவனத்தின் கையில் இல்லை, வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. சொந்தமாகப் பொருள் செய்து விற்கும் நிறுவனமாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

ரேவதி_கொழிஞ்சாம்பாறை

சுமதி அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, ‘இந்தியாவில் எங்கிருந்தும்’ என்று. பேச ஆரம்பித்ததும் ‘தமிழ்நாட்டில்தானே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடுதான், ஆனால் என் ஆதார் முகவரி பாலக்காடு. கேரளா என்றதும் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்றார்கள். இந்தியாவுக்குள் மாநிலம் என்ன செய்யும்?

களியக்காவிளை_ஜெபா

தொழில்வரிதான் முதலில் இடிக்கும். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவுப்படி வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது, சிறிய தொகைதான். ஆனால் வேலை தொகையில் இல்லை, பதிவில் இருக்கிறது. ஆந்திராவில் மாதாமாதம் பிடித்து மாநில அரசுக்குக் கட்ட வேண்டும். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்கு. ஐந்து மாநிலத்தில் ஐந்து பேர் இருந்தால் சிறிய நிறுவனத்தின் கணக்கர் ஐந்து விதமாகக் கட்ட வேண்டும். அந்தச் சலிப்பில் ‘எங்களுக்குப் பதிவு இருக்கும் மாநிலங்கள் மட்டும்’ என்று சொல்லிவிடுவார்கள்.

சித்தூர்_சுமதி

ஆனால் ஜெபா, எனக்கு இப்போதைய நிறுவனம் கர்நாடகா தொழில்வரிதான் பிடிக்கிறது. அலுவலகம் பெங்களூரு, நான் அதோடு இணைக்கப்பட்டவள் என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் வீடு ஒரு அலுவலகம் ஆகாது என்பது அவர்கள் வாதம்.

களியக்காவிளை_ஜெபா

பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் கட்ட வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் வழி. இரண்டு பக்கமும் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், எங்கள் அலுவலகத்திலேயே ஒத்த கருத்து இல்லை. ரேவதி, அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: சென்னை அலுவலகத்தோடு இணைத்து எடுப்பீர்களா, கேரளப் பதிவு செய்வீர்களா? எது என்றாலும் உங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் பயப்படுவது புதிய பதிவுக்கு, உங்கள் ஊருக்கு அல்ல. தமிழ்நாட்டு உறவினர் முகவரியைக் கொடுக்காதீர்கள், பின்னால் ஆவணச் சரிபார்ப்பில் மாட்டும்.

செங்கோட்டை_செந்தில்

தேடும் முறையைப் பற்றி ஒன்று. வேலைத் தளங்களில் ரிமோட் என்று வடிகட்டித் தேடினால் இதே குப்பைதான் வரும். நான் கூகுளில் நேராக இப்படித் தேடுவேன்:

```
site:jobs.lever.co "QA" "remote" "India"
site:jobs.ashbyhq.com "QA" "APAC"
```

`India` என்றோ, ஆசிய-பசிபிக் பகுதியைக் குறிக்கும் `APAC` என்றோ நிறுவனமே எழுதியிருந்தால் நம் நாட்டில் ஆள் எடுக்க வழி செய்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். மூடிய விளம்பரங்களும் வரும், திறந்து பார்த்தால் தெரியும்.

விண்ணப்பத்துக்கு முன்போ முதல் அழைப்பிலோ கேட்க மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். இந்தக் குழுவில் இப்போது எந்தெந்த நாடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்? இந்தியாவில் இருப்பவருக்கு ஒப்பந்தம் யார் பெயரில் வரும்? தினம் எத்தனை மணிநேரம் சேர்ந்து இருக்க வேண்டும்? எடுக்க முடிகிறவர்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்வார்கள். ‘முதலில் சுற்றுகளை முடியுங்கள், அதைப் பிறகு பேசலாம்’ என்று வந்தால் பயிற்சி வேலையைத் தொடங்காதீர்கள்.

வாளையார்_வினோத்

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. முதல் மின்னஞ்சலிலேயே இந்தியா, ஒப்பந்தம் என்று ஆரம்பித்தால் பதிலே போடாமல் விடுவார்கள். முதலில் வேலையைக் காட்ட வேண்டும்.

செங்கோட்டை_செந்தில்

உங்களுக்கு அப்படி நடந்தது, மறுக்கவில்லை. உங்களிடம் காட்ட ஒரு வருட வேலை ஏற்கெனவே இருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வரும் வீட்டில் ஆறு மணிநேரம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

ரேவதி_கொழிஞ்சாம்பாறை (ஒன்பது நாள் கழித்து)

எல்லோருக்கும் ஒரு தகவல். என் பழைய 64-ஐயும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். 22 விளம்பரம் எடுக்கப்பட்டுவிட்டது. மீதி 42-இல் 27-க்கு உள்ளே அமெரிக்கா, அல்லது அமெரிக்காவும் கனடாவும் என்று இருந்தது. ஆறு ஐரோப்பிய நாடுகள் மட்டும். ஐந்தில் எதுவும் இல்லை, படிவத்தைப் பார்த்தும் தெரியவில்லை. நான்கே நான்குதான் இந்தியா என்று எழுதியது, அல்லது ‘வசிக்கும் நாட்டில்’ என்று கேட்டது. அந்த நான்குக்கும் அவசர அவசரமாக, ஒரே மாதிரிக் கடிதம் போட்டிருக்கிறேன். 27-க்குச் செலவழித்த நேரத்தில் அந்த நான்கை நன்றாக எழுதியிருக்கலாம்.

செந்தில் அண்ணா சொன்ன மாதிரி தேடியதில் புதிதாக ஏழு கிடைத்தது. மூன்றுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது. குழுவில் போலந்து, போர்ச்சுகல், வியட்நாம் ஆட்கள் இருக்கிறார்களாம். இந்தியாவில் இதுவரை யாரும் இல்லை, முதல் ஆறு மாதம் ஒப்பந்தம், பிறகு இடைநிறுவனம் மூலம் ஊழியராக மாற்றுவோம் என்கிறார்கள். நமக்குப் பிற்பகல் 1.30 முதல் 5.30 வரை சேர்ந்து இருக்க வேண்டும். டயாலிசிஸ் காலையில் என்பதால் எனக்குப் பொருந்தும்.

சென்னை நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை. ஜெபா அக்கா சொன்னபடி சென்னையோடு இணைக்கக் கேட்டிருக்கிறேன்.

களியக்காவிளை_ஜெபா

ரேவதி, அந்த ‘ஆறு மாதம் கழித்து’ என்பது ஒப்பந்தத்தில் தேதியோடு இருக்கிறதா, மின்னஞ்சலில் மட்டுமா?

ரேவதி_கொழிஞ்சாம்பாறை

மின்னஞ்சலில் மட்டும்தான் அக்கா. ஒப்பந்த வரைவு திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சித்தூர்_சுமதி

வரைவு வந்ததும் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கையெழுத்துக்கு முன்னால். அவர்கள் தொலைபேசியில் சொன்னதை நம்பித்தான் நான் ஏழு மாதத்தில் திரும்பி வந்தேன்.